ஒரு வேலை வாய்ப்பும் மூன்று பேரும்

ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தேன். சம்பளம் பிடித்தம் போக கைக்கு மாதம் 34,000. பெங்களூர் ஓசூர் சாலையில் இருக்கும் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி, சப்ளையர் குவாலிட்டி வேலைக்கு வருடம் 6.6 லட்சம் என்று கடிதம் கொடுத்தது.

முதலில் தப்பு செய்தேன். எங்கள் பிரிவிலேயே ஒரு மூத்தவரிடம் "போகலாமா?" என்று கேட்டேன். இரண்டே நாளில் விஷயம் மேலே போய்விட்டது. கிருஷ்ணகிரியில் மாமாவைக் கேட்டால், அரசுத் தேர்வு எழுதச் சொன்னார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார், ஆனால் நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. யாரிடம் எதைக் கேட்பது என்று அப்போதுதான் யோசித்தேன். கேள்வியை மூன்றாக உடைத்தேன்.

சம்பளக் கணக்கு, வேறொரு கம்பெனியில் ஹெச்.ஆரில் இருக்கும் உறவுக்கார அக்காவிடம் போனது. கடிதத்தின் சம்பளப் பக்கத்தை முன்னதாகவே அனுப்பி, "கைக்கு எவ்வளவு வரும்?" என்று மட்டும் கேட்டேன். "தம்பி, இதுல 60,000 வேரியபிள். வந்தாதான் வரும், மாதக் கணக்கில் சேர்க்காதே" என்றார். கம்பெனி கட்டும் பி.எஃப். 21,600, கிராஜுவிட்டி சுமார் 15,900 என்று அதையும் கழித்தார். மீதியை 12-ஆல் வகுத்து, என் பங்கு பி.எஃப்.-ஐயும் தொழில் வரியையும் எடுத்தால் சுமார் 45,000. கூடுவது 11,000. பெங்களூரில் தங்கிச் சாப்பிட்டால் அது வாடகைக்கே போய்விடும்.

வேலையைப் பற்றி, முன்பு என் லைனில் சூப்பர்வைசராக இருந்த அண்ணனைக் கேட்டேன். அவர் சப்ளையர் குவாலிட்டியில் பல வருடம் ஓட்டியவர். "சரக்கை நிறுத்தி வைக்கும் அதிகாரம் உன் கையில் இருக்குமா, இல்லை ரிப்போர்ட் மட்டும் எழுதுவியா? அதை முதல்ல கேளு" என்றார். கேட்டேன். நிறுத்தலாம், ஆனால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் காரணம் எழுதித் தர வேண்டும் என்றார்கள். அது நல்ல பதில் என்றார் அண்ணன்.

மூன்றாவது ஆள் என் வயதுதான், இரண்டு வருடம் முன் அதே ஓசூர் சாலையில் வேலைக்குச் சேர்ந்தவன். அவன்தான் கணக்கையே மாற்றினான். "பொம்மசந்திரா அத்திப்பள்ளிக்கு அப்பால்தான்டா இருக்கு, எதுக்கு வீடு மாத்துற? ஷிப்ட் நேரத்துல ரெண்டு நாள் பஸ்ல போய்ப் பாரு." போய்ப் பார்த்தேன். காலையில் சமாளிக்கலாம், மாலையில்தான் திரும்ப நேரமாகிறது. சரி, வாடகை மிச்சம்.

வேரியபிளில் பாதியை நிலைச் சம்பளத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன், 24,000 மட்டும் சேர்த்தார்கள். சேர்ந்த பிறகு மூவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு, அவர்கள் சொன்னதில் எது எப்படி நடந்தது என்று சொன்னேன். அக்கா முதல் மாத பே ஸ்லிப்பை அனுப்பச் சொல்லி, வரிவரியாகப் பார்த்தார்.