மூடிய கிரெடிட் கார்டுக்குப் போன ரீஃபண்ட், சேமிப்புக் கணக்குக்கு வந்த வழி

2024 ஜனவரியில் சென்னையிலிருந்து டெல்லிக்கு மூன்று டிக்கெட் போட்டேன். விமான நிறுவனத்தின் தளத்திலேயே கிரெடிட் கார்டில் கட்டினேன், மொத்தம் ₹21,546. பிப்ரவரியில் அந்தக் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் வரும் நேரம். அதைத் தள்ளுபடி செய்ய வங்கி சம்மதிக்கவில்லை. இன்னொரு கார்டு கையில் இருந்ததால் பாக்கியைக் கட்டி முடித்துக் கணக்கை மூடச் சொன்னேன். மூடிய கடிதமும் மெயிலில் வந்தது. மார்ச்சில் விமான நிறுவனமே அந்த விமானத்தை ரத்து செய்தது. "முழுத் தொகையும் நீங்கள் பணம் கட்டிய அதே வழியில் திருப்பி அனுப்பப்பட்டது" என்று மெயில் அனுப்பினார்கள். அந்த வழிதான் இப்போது இல்லையே!

இந்த நிலையில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு, "கார்டு மூடிவிட்டது, என் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்றேன். முடியாது என்றார்கள். அப்போது கோபம்தான் வந்தது. பிறகு விசாரித்ததில் அவர்கள் பக்கத்தில் நியாயம் இருப்பது புரிந்தது.

ரீஃபண்ட் என்பது புதிதாக ஒருவருக்குப் பணம் அனுப்புவது இல்லை. பழைய பரிவர்த்தனையின் எண்ணைப் பிடித்துக்கொண்டு அதே பாதையில் பின்னோக்கிப் போவது. விற்பவர், அவருக்காக ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே, அவருடைய வங்கி, விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க், கடைசியாகக் கார்டு கொடுத்த வங்கி என்று அது நகரும். விற்பவரிடம் நம் கார்டு எண் முழுதாக இருப்பதே இல்லை. 2022 அக்டோபரிலிருந்து அதைச் சேமித்து வைக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை, கடைசி நான்கு இலக்கங்கள்தான் அவர்களுக்குத் தெரியும். ஒரு கார்டில் வாங்கி வேறு கணக்கில் பணத்தை எடுப்பது கறுப்புப் பணக்காரர்களுக்கும் திருட்டுக் கார்டுக்காரர்களுக்கும் வசதியான வழி என்பதால், அந்தக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் போக, என் விஷயத்தில் பணம் ஏற்கெனவே அவர்களைவிட்டுக் கிளம்பிவிட்டது. என் பேச்சைக் கேட்டு நெஃப்டில் இன்னொரு முறை அனுப்பினால், ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு முறை கொடுத்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

சரி, பணம் கிளம்பிவிட்டது என்றால் அது எங்கேயோ இருந்தாக வேண்டும். கார்டு மூடியிருந்தால் பணம் சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பிவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கார்டு மூடினாலும் வங்கியின் கணினியில் அந்தக் கணக்கின் பதிவு அழிவதில்லை. நெட்வொர்க் வழியாக ரீஃபண்ட் வந்தால், பல வங்கிகள் அதை மூடிய கணக்கிலேயே வரவு வைத்துவிடும். வாடிக்கையாளர் வந்து கேட்கும் வரை அங்கேயே கிடக்கும். சில வங்கிகள் ஏற்றுக்கொள்ளாமல் திருப்பியும் அனுப்பும். ஆகவே, பணம் இருக்கக்கூடிய இடம் இரண்டுதான்: கார்டு கொடுத்த வங்கி, அல்லது திரும்பிப் போயிருந்தால் விற்பவர். எங்கே இருக்கிறது என்று தெரியாமல் யாரிடம் சண்டை போட்டாலும் வீண்.

அதைக் கண்டுபிடிக்க உதவுவது ஏஆர்என். விற்பவரின் வங்கி ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் கொடுக்கும் 23 இலக்க எண் இது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் உண்டு. கேட்காமல் தர மாட்டார்கள், கேட்டால் தருவார்கள். சாட்டில் இருந்தவர் முதலில் தங்கள் நிறுவனத்தின் ரீஃபண்ட் எண்ணைக் கொடுத்தார். அது அவர்களுக்குள் மட்டும் செல்லுபடியாகும், வங்கிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. "எனக்கு வேண்டியது ஏஆர்என், 23 இலக்கம்" என்று அழுத்திச் சொன்ன பிறகு மெயிலில் வந்தது.

அந்த எண்ணுக்குள் ஒரு தேதி ஒளிந்திருக்கிறது. முதல் இலக்கத்துக்கு அடுத்த ஆறும் விற்பவரின் வங்கியைக் குறிப்பவை. எட்டாவது இடத்திலிருந்து வரும் நான்கு இலக்கங்கள் தேதி: ஆண்டின் கடைசி இலக்கம், பிறகு அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. எனக்கு வந்த எண்ணில் அந்த இடத்தில் 4075 இருந்தது. 2024 லீப் வருடம். ஜனவரிக்கு 31, பிப்ரவரிக்கு 29, ஆக 60. மீதி 15. மார்ச் 15 அன்று ரீஃபண்ட் உண்மையாகவே அனுப்பப்பட்டிருக்கிறது, வாய்ப் பேச்சு இல்லை என்று தெரிந்துகொண்டேன். ஒரு வாரம் கழித்தும் விற்பவரால் இந்த எண்ணைத் தர முடியவில்லை என்றால், பணம் இன்னும் அவர்களைவிட்டு நகரவே இல்லை என்று சந்தேகப்படலாம்.

அப்புறம் வங்கி. இங்கேதான் பொறுமை தேவைப்பட்டது. தொலைபேசியில் பதிவுக் குரல் கார்டு எண்ணைக் கேட்கிறது. மூடிய கார்டின் எண்ணை அழுத்தினால் தவறான எண் என்கிறது. எப்படியோ ஒரு ஆளைப் பிடித்தால், "சார், உங்க பேர்ல எங்ககிட்ட கார்டே இல்லையே" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய திரையில் நடப்பிலுள்ள கணக்குகள் மட்டும்தான் தெரிகின்றன. "கார்டு இல்லன்னா ரீஃபண்ட் திரும்பிப் போயிருக்கும், கடையில கேளுங்க" என்று அவர் சொன்னது வெறும் ஊகம். அதை நம்பி மறுபடி விமான நிறுவனத்திடம் போயிருந்தால், அவர்கள் "வங்கியில் கேளுங்கள்" என்றிருப்பார்கள். இப்படி இரண்டு பக்கமும் அலைந்தே பலர் பணத்தைக் கைகழுவிவிடுகிறார்கள்.

அதனால் பேச்சை விட்டுவிட்டு எழுத்துக்குப் போனேன். வங்கியின் கார்டு பிரிவுக் குறைதீர் அதிகாரிக்கு மெயில். அதில் பழைய கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள், மூடிய கடிதம், ரீஃபண்ட் தொகை, ஏஆர்என், விமான நிறுவனத்தின் ரத்து மெயில், என் சேமிப்புக் கணக்கின் ரத்து செய்த காசோலை எல்லாம் இருந்தன. கேள்வியையும் மாற்றிக் கேட்டேன். "என் ரீஃபண்ட் வந்ததா" என்று கேட்டால் "இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். "இந்த ஏஆர்என்னைத் தேடி, வரவு வைக்கப்பட்டதா, திருப்பி அனுப்பப்பட்டதா என்று எழுத்தில் சொல்லுங்கள், வரவாகியிருந்தால் இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்" என்று கேட்டேன்.

கூடவே ஒரு விதியையும் குறிப்பிட்டேன். கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு பற்றி ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட முதன்மை வழிகாட்டுதலில் இது இருந்தது. கிரெடிட் கார்டு கணக்கை மூடிய பிறகு அதில் வரவு மீதி இருந்தால், அதைக் கார்டுதாரரின் வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். கணக்கு விவரம் தங்களிடம் இல்லையென்றால் வங்கியே கேட்டு வாங்க வேண்டும். ஆக, நான் கேட்டது சலுகை இல்லை. இந்த ஒரு வரியைச் சேர்த்ததும் பதிலின் தொனியே மாறியதைப் பார்த்தேன்.

பணம் கிடைத்துவிட்டது என்று பதில் வந்தது. மூடிய கணக்குக்கு ஒரு ஸ்டேட்மெண்டும் இணைத்திருந்தார்கள். செலவு ஒன்றுமில்லை, ஒரே ஒரு வரி: விமான நிறுவனத்தின் பெயர், 21,546.00, பக்கத்தில் Cr. தேதி மார்ச் 18. அதாவது, "கார்டே இல்லை" என்று தொலைபேசியில் சொன்ன அன்றும் பணம் அங்கேதான் இருந்திருக்கிறது. ஒரு சிக்கல் மட்டும் வந்தது. கார்டில் என் பெயர் இனிஷியலுடன் இருந்தது, சேமிப்புக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக இருந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று மாற்றத்தை நிறுத்தினார்கள். பான் கார்டு நகலை அனுப்பிய பிறகு நெஃப்டில் பணம் வந்து சேர்ந்தது. பணம் பெறுபவர் கார்டுதாரராகவே இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருந்தார்கள். மனைவி கணக்குக்கு அனுப்பச் சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

வங்கி முப்பது நாள் பதில் சொல்லாமல் இருந்தாலோ, சொன்ன பதில் சரியில்லை என்றாலோ cms.rbi.org.in-ல் குறைதீர்ப்பாளரிடம் புகார் போடலாம். எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. ஆனால் முதல் மெயிலின் தேதிதான் அந்த முப்பது நாள் கணக்குக்குத் தொடக்கம் என்பதால், தொலைபேசியிலேயே காலத்தை ஓட்டாமல் இருப்பது நல்லது.

இன்னொரு பக்கம் எப்படி இருக்கும் என்பதை என் தங்கை விஷயத்தில் பார்த்தேன். அவள் டெபிட் கார்டில் ஒரு கோர்ஸுக்குப் பணம் கட்டியிருந்தாள். டெபிட் கார்டு மட்டும் தொலைந்து பிளாக் ஆகியிருந்தால் கவலையே இல்லை. கணக்கு உயிரோடு இருக்கும் வரை ரீஃபண்ட் கணக்கில் வந்து விழும். ஆனால் அவள் வேலை மாறியதும் பழைய சம்பளக் கணக்கையே மூடியிருந்தாள். அந்த வங்கி பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. கோர்ஸ் நடத்தியவர்களின் கேட்வே திரையில் ரீஃபண்ட் தோல்வி என்று காட்டியது. அப்போதும் அவர்கள் உடனே கணக்கு எண் கேட்கவில்லை. பணம் தங்களிடம் இல்லை என்று வங்கி எழுதிக் கொடுத்த கடிதத்தையும், கணக்கு மூடிய கடிதத்தையும் வாங்கிய பிறகுதான் புதுக் கணக்குக்கு நெஃப்ட் செய்தார்கள்.

இரண்டு பேர் விஷயத்திலும் கேட்கப்பட்டவை பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, ஆதாரக் கடிதங்கள், அவ்வளவே. ஓடிபி, சிவிவி, யுபிஐ பின் எதற்கும் இதில் வேலை இல்லை. கூகுளில் கிடைத்த ஒரு வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குத் தங்கை கூப்பிட்டபோது, ரீஃபண்டுக்காக ஒரு செயலியை இறக்கச் சொன்னான் ஒருவன். அவள் போனை வைத்துவிட்டாள்.

பணம் வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருந்தது. வரவு வைத்ததால் என் பழைய கணக்கில் மறுபடி ஒரு நடமாட்டம் பதிவாகியிருந்தது. அதனால் மீதி பூஜ்யம், கணக்கு மூடியது என்று புதிய தேதியில் ஒரு கடிதம் கேட்டு வாங்கினேன். அடுத்த மாதம் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கணக்கு மூடியதாகவே காட்டியது, பாக்கி எதுவும் இல்லை.