நெறியாளர் நாட்குறிப்பு: ஏப்ரல் மாத நிகழ்ச்சி

ஏப்ரல் 3, 2024, புதன்

நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர்த் தமிழ்மொழி விழாவையொட்டி எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் பிள்ளைகளின் கதைசொல்லும் போட்டி, இறுதிச் சுற்றும் பரிசளிப்பும். 20ஆம் தேதி மாலை 6.30 மணி. சிறப்பு விருந்தினர் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர். 6.45க்கு வருவார். அடுத்த நிகழ்ச்சி இருப்பதால் 8 மணிக்குப் புறப்பட்டாக வேண்டும்.

நிரலில் 13 அங்கங்கள். கூட்டிப் பார்த்தால் சரியாக இரண்டு மணி நேரம், 8.30க்கு உணவு. தாளில் அழகாகத்தான் இருக்கிறது. ஒருவர் மேடையைவிட்டு இறங்கி இன்னொருவர் ஏறும் நேரத்தை மட்டும் யாரும் எழுதவில்லை. இடைவெளிக்கு ஒரு நிமிடம் வைத்தாலே 12 நிமிடம் போய்விடும்.

செயலாளர் அக்காவிடம் சொன்னேன். “சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளி வச்சா போச்சு தம்பி” என்றார். தள்ள முடியாது. இங்கே கேட்டரிங் உணவோடு ஒரு சீட்டு வரும்: சமைத்து முடித்த நேரம், எத்தனை மணிக்குள் உண்ண வேண்டும் என்ற நேரம். இரண்டுக்கும் இடையே பொதுவாக நான்கு மணி நேரம். 5.30க்குச் சமைத்தால் 9.30 வரை. 150 பேர் வரிசையில் நின்று எடுத்துச் சாப்பிட வேண்டும் என்றால், 8.40க்கு மேல் ஒரு நிமிடமும் பேசக்கூடாது.

ஆக என்னிடம் இரண்டு முட்டுச்சுவர்கள்: 8 மணி, 8.40. விருந்தினர் இருந்தே ஆக வேண்டிய அங்கங்களைச் சிவப்பில் வட்டமிட்டேன். வரவேற்புரை, பரதம், அவருடைய உரை, பரிசளிப்பு, குழுப்படம். மீதியெல்லாம் அவர் இல்லாமலும் நடக்கும். எது நகரும், எது நகராது என்று இப்போதே தெரிந்துவிட்டால் அன்றைக்குப் பதறவேண்டாம்.

ஏப்ரல் 10, புதன்

நோன்புப் பெருநாள் விடுமுறை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த ரெண்டாங் கறியைத் தின்றபடி அறிமுகவுரை எழுதினேன்.

விருந்தினரின் அலுவலகம் இரண்டு பக்கக் குறிப்பு அனுப்பியிருந்தது. படித்த பல்கலைக்கழகம், வகித்த பதவிகள், குழுக்கள். அதை அப்படியே வாசிக்கும் நெறியாளர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பதவி வரும்போது அவையில் பாதிப் பேர் கைப்பேசிக்குள் போயிருப்பார்கள். அவர் யார் என்பது தொகுதி மக்களுக்குத் தெரியும். இந்த மேடைக்கு ஏன் அவர் என்பதைத்தான் சொல்ல வேண்டும். அக்காவைக் கேட்டு இரண்டு செய்திகள் பிடித்தேன். எழுதியது இது:

“சிறுவர் வாசிப்பு வட்டம் இடம் தேடி அலைந்தபோது, இதே மன்றத்தின் இரண்டாம் மாடி அறையைச் சனிக்கிழமைகளில் கிடைக்கச் செய்தவர். சென்ற ஆண்டு கடைசிக் கதை முடியும்வரை எழாமல் கேட்டவர். இந்த ஆண்டின் வெற்றியாளர்களுக்குப் பரிசளிக்க வந்திருக்கிறார். வரவேற்போம், நம் நாடாளுமன்ற உறுப்பினர், திருவாட்டி…” அங்கே பெயர். அத்தோடு சரி.

பெயர் கடைசியில் நிற்பது வேண்டுமென்றே செய்தது. “திருவாட்டி இன்னாரை மேடைக்கு அன்புடன் அழைக்கிறோம்” என்பதுதான் வழக்கமான வாக்கியம். பெயரைக் கேட்டதும் கைதட்டல் தொடங்கும், மீதி வாக்கியம் அதில் மூழ்கும், நாம் கத்திக்கொண்டிருப்போம். வினையை முன்னால் போட்டுவிட்டால் பெயரும் கைதட்டலும் ஒன்றாக விழும்.

இன்னொன்று, அவர் சீனர். தமிழ் புரியாது. எப்போது எழுவது என்று தெரியாமல் பாதியில் எழுந்து நிற்கும் விருந்தினரின் முகம் பார்க்கப் பாவமாக இருக்கும். அதனால் தமிழ் முடிந்ததும் ஆங்கிலத்தில் ஒரே வரி, அதிலும் பெயர் கடைசியில். பக்கத்து நாற்காலியில் அக்கா உட்கார்ந்து, நான் “வாசிப்பு வட்டம்” என்றதும் மெல்லச் சொல்லிவிடுவார்.

பெயர் உச்சரிப்புக்கு அவருடைய உதவியாளரிடம் குரல்பதிவு கேட்டிருக்கிறேன். எழுத்தைப் பார்த்துச் சீனப் பெயரை ஊகிப்பது ஆபத்து. குடும்பப் பெயர் முதலில் வரும் என்பதும் நினைவிருக்க வேண்டும். கடைசிப் பகுதியோடு ‘திருவாட்டி’ சேர்த்தால் தவறாகிவிடும்.

ஏப்ரல் 17, புதன்

மன்றத்தில் ஒத்திகை. பரிசு வாங்கும் பிள்ளைகள் 24 பேர். தொண்டூழியர்களையே பிள்ளைகளாக நடக்கவிட்டுக் கடிகாரத்தோடு நின்றேன். பெயர் சொல்லி, கீழிருந்து நடந்து வந்து, வாங்கி, படத்துக்குத் திரும்பி, இறங்க: ஆளுக்கு அரை நிமிடம். மொத்தம் 12 நிமிடம், கைதட்டும் பெற்றோருக்குக் கை வலிக்கும்.

மாற்றினோம். ஒருவர் பரிசு வாங்கும்போதே அடுத்த இருவர் படிக்கட்டில் நிற்பார்கள். ஏறுவது இடப்பக்கம், இறங்குவது வலப்பக்கம். ஒருவருக்குப் படம் எடுத்ததும் அடுத்த பெயர். கால் நிமிடத்தில் முடிந்தது. வராத பிள்ளையின் பெயரை இரண்டாம் முறை கூப்பிட மாட்டேன். சான்றிதழ் அடுக்கின் அடிக்குப் போகும், அவ்வளவுதான்.

பேச்சாளர்களுக்கு அக்கா மூலம் ஒரு வேண்டுகோள்: அவை வணக்கத்தை நானே எல்லார் சார்பிலும் சொல்லிவிடுவேன், நீங்கள் நேரே பேச்சுக்கு வந்துவிடுங்கள். ஐந்து பேர் ஆளுக்கொரு முறை விருந்தினர், தலைவர், நடுவர், ஆசிரியர், பெற்றோர் என்று அடுக்கினால் ஏழெட்டு நிமிடம் கரையும். ஒருவருக்கு மட்டும் வருத்தமாம்.

ஏப்ரல் 20, சனி (நள்ளிரவு தாண்டி எழுதுகிறேன்)

6.25க்குக் குறுஞ்செய்தி: முந்தைய நிகழ்ச்சி நீண்டுவிட்டது, 7.05 ஆகும்.

“காத்திருப்போமா அண்ணே?” என்றார் மேடைப் பொறுப்பிலிருந்த தம்பி. 150 பேரை அரை மணி நேரம் சும்மா உட்கார வைத்தால் அப்புறம் எழுப்புவது கடினம். சிவப்பு வட்டம் இல்லாத அங்கங்களைப் பார்த்தேன். நாடகத்துக்குச் சட்டையில் மாட்டும் ஒலிவாங்கிகள் இன்னும் தயாராகவில்லை. இறுதிச் சுற்றுக் கதைகளுக்கு ஒரே ஒலிவாங்கி போதும், நான்கு பிள்ளைகளும் உடை மாற்றி நிற்கிறார்கள். ஒலிக்காரர், நடுவர்கள், முதலில் பேச வேண்டிய பிள்ளையின் அம்மா, மூவரிடமும் சொன்னேன். தமிழ் வாழ்த்து முடிந்ததும் கதைகள் தொடங்கின. விருந்தினர் தாமதம் என்று அவையிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லாரும் வாசலையே பார்த்திருப்பார்கள்.

7.08க்கு அவர் வந்தபோது நான்காவது பிள்ளை கதையின் நடுவில். உள்ளே அழைத்துவந்தால் அவை எழும், பிள்ளை தடுமாறும். அக்கா அவரை வாசலிலேயே இரண்டு நிமிடம் பேச்சில் நிறுத்தினார். கைதட்டல் எழும்போது அழைத்துவந்தார். அமர்ந்த பிறகுதான் அறிவித்தேன்.

வரவேற்புரை இரண்டு நிமிடமாகச் சுருங்கியது, பரதம் முழுசாக நடந்தது, 7.24க்கு அறிமுகம். வாசிப்பு வட்டம் என்றதும் பின்வரிசையில் சில பிள்ளைகள் தாமாகக் கத்தினார்கள், அதை நான் எழுதவில்லை. பரதமும் உரையும் நடந்த நேரத்தில் நடுவர்கள் பின்னறையில் மதிப்பெண் கூட்டிவிட்டார்கள். முந்தைய வரிசைப்படி நடந்திருந்தால் பரிசளிப்பு 8 மணியை இடித்திருக்கும். இப்போது 7.35க்குத் தொடங்கி 7.42க்கு முடிந்தது.

அவர் 7.55க்குக் கிளம்பினார். நாடகத்தில் ஓர் ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. மின்கலம் மாற்றும்வரை, பிள்ளைகளின் கதைகளில் பிடித்த ஓரிடத்தைச் சொல்லும்படி நடுவர் ஒருவரை அழைத்தேன். இப்படி ஓர் இடைவெளி வந்தால் பேச முடியுமா என்று முன்பே அவரிடம் கேட்டு வைத்திருந்தேன். நானே நகைச்சுவை சொல்லி நிரப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

8.36க்கு உணவு.

ஏப்ரல் 21, ஞாயிறு

நிரலில் போட்ட நேரத்துக்குப் பக்கத்தில் நடந்த நேரத்தை எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். அதிகம் மீறியது குழுப்படம்தான்: போட்டது 3, ஆனது 9. பெற்றோர், பாட்டி, தம்பி தங்கை என்று எல்லாரும் ஏறிவிடுகிறார்கள், இறங்கச் சொல்லவும் மனம் வராது. அடுத்த ஆண்டு 10 நிமிடம் போடுங்கள் என்றேன். 5 போதும் என்கிறார். பெற்றோருக்குத் தனிப்படம் உணவுக்குப் பிறகு என்று அறிவித்துவிட்டால் 5 போதலாம். அதையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.