அடியந்திரம் முடிந்த பிறகு

நண்பனின் அம்மா போய் ஐந்து மாதம். பதினாறாம் நாள் அடியந்திரம் வரை தக்கலை வீட்டில் நிற்க இடமில்லை. அப்புறம் போன்கூட வருவதில்லை.

நேற்று சாயங்காலம் போனேன். "எப்படி இருக்க?" என்று கேட்கவில்லை. கேட்டால் "இருக்கேன் மக்கா" என்பான், பேச்சு அதோடு நின்றுவிடும். "அம்மா மீன் புளிமுளத்துக்கு மாங்காயா போடுவாங்க, புளியா?" என்றேன். "மாங்கா கிடைச்சா மாங்காதான்" என்று தொடங்கியவன் ஒரு மணி நேரம் பேசினான். கட்டன் சாயா ஆறிப்போனது. நடுவில் எழுந்து, இத்தனை நாள் தொடாமல் கவிழ்த்து வைத்திருந்த மண்சட்டியை எடுத்துக் கழுவினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் எதுவும் சொல்லவில்லை.

கிளம்பும்போது மெதுவாகச் சொன்னான், "ஆடி அமாவாசைக்கு கன்னியாகுமரி முக்கடல்ல அம்மாவுக்கு பலிதர்ப்பணம் கொடுக்கணும். தனியா போக முடியல."

"காலையில நாலு மணிக்கு வண்டியோட வாறேன், ரெடியா இரு" என்றேன்.