ஆச்சி சொன்ன கொழுக்கட்டைக் கதையை எழுதியபோது

கானாடுகாத்தானில் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லும் கொழுக்கட்டைக் கதையைப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஒரு பக்கத்தில் எழுதிவைக்க ஆசைப்பட்டேன். அவர் சம்மதத்தோடு, வளவில் தூணோரம் உட்காரவைத்துக் கைப்பேசியில் பதிந்தேன். 12 நிமிடம் ஓடியது.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். மாமியார் வீட்டில் முதன்முதலாகக் கொழுக்கட்டை தின்ற மாப்பிள்ளை, பெயர் மறந்துவிடாமலிருக்க அதையே சொல்லிக்கொண்டு ஊருக்கு நடக்கிறான். வழியில் ஒரு ஓடை. "அத்திரிபாச்சா!" என்று தாண்டிக் குதிக்கிறான். அதிலிருந்து வாயில் அத்திரிபாச்சாதான் வருகிறது. வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் அத்திரிபாச்சா செய்யச் சொல்கிறான். அப்படி ஒரு பலகாரமே இல்லை என்கிறாள். அடித்துவிடுகிறான். பார்க்க வந்த அடுத்த வீட்டுக்காரி, "கன்னம் கொழுக்கட்டையாட்டம் வீங்கியிருக்கே!" என்கிறாள். "அதுதான், அதுதான்!" என்று துள்ளுகிறான்.

முதலில் சொல் விடாமல் தாளில் இறக்கினேன். 'ம்ம்', இருமல், "கேக்குறியா ஆத்தா?" எல்லாம் சேர்த்து. அதற்கே ஒரு முழு மதியம் போனது. அப்புறம் ஓரத்தில் சம்பவங்களுக்கு மட்டும் எண் போட்டேன். ஒன்பது வந்தது. ஐந்தும் ஆறும்தான் இடித்தன. மாப்பிள்ளை ஓடையைத் தாண்டிய பிறகு ஆச்சி, "மாமியா சொல்லிவிட்டாள்ல, 'ஒம் பொண்டாட்டிக்கு நல்லாச் செய்யத் தெரியும், பேரை மட்டும் சொல்லு போதும்'னு" என்கிறார். புறப்படும்போது நடந்தது இங்கே வருகிறது. இது மறந்துபோய்ச் சேர்த்ததா, வேண்டுமென்றே பிடித்துவைத்துச் சொன்னதா? ஒரு பதிவை வைத்து என்னால் முடிவு செய்ய முடியவில்லை. பத்து நாள் கழித்து மறுபடி சொல்லச் சொன்னேன். அப்போது மாமியார் பேச்சு புறப்படும் இடத்திலேயே வந்தது. சரி, முதல் தடவை விட்டுப்போனதுதான். அதை முன்னால் கொண்டுபோனேன். இரண்டு தடவையும் பின்னால்தான் சொல்லியிருந்தால் அங்கேயே விட்டிருப்பேன்.

பல்லவியில்தான் பெரிய தப்புச் செய்தேன். பதிவில் 'கொழுக்கட்டை' என்ற சொல் ஓடைக்கு முன்னால் மட்டும் 22 தடவை வருகிறது. ஆச்சி தொடையில் தட்டிக்கொண்டே, நடைக்கு ஏற்றாற்போல் சொல்லுவார். சுருக்க வேண்டுமே என்று நான், "கொழுக்கட்டை என்று சொல்லிக்கொண்டே நடந்தான்" என ஒரே வரியில் முடித்தேன். அக்கா மகளுக்குப் படித்துக் காட்டினேன். ஓடையில் சொல் மாறியது அவளுக்குப் படவே இல்லை. பழைய சொல் காதில் ஊறினால்தானே புதுச்சொல் வந்து இடிக்கும்! திருத்தி இப்படி எழுதினேன்:

"கொழுக்கட்டை, கொழுக்கட்டை, கொழுக்கட்டை. வரப்பில் நடந்தான். களத்துமேட்டில் ஒருவர் கூப்பிட்டார், திரும்பவில்லை. கொழுக்கட்டை, கொழுக்கட்டை, கொழுக்கட்டை. புளியமரம் தாண்டினான். கொழுக்கட்டை, கொழுக்கட்டை, கொழுக்கட்டை. எதிரே ஓடை. அத்திரிபாச்சா! குதித்தான். அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா."

மூன்று மூன்றாக மூன்று முறை, பிறகு மாற்றம். 22 ஒன்பதாகக் குறைந்தாலும் தாளம் கெடவில்லை. இந்தத் தடவை அவள் ஓடை வந்ததுமே "அய்யோ மாறிருச்சு!" என்று கத்தினாள்.

அடிக்கிற இடத்தை எடுத்துவிடலாமா என்று நிறைய யோசித்தேன். பெண்டாட்டி தடுக்கி விழுந்து கன்னம் வீங்கியதாக ஒரு தடவை எழுதியும் பார்த்தேன். கதை ஓடியது, ஆனால் அது ஆச்சியின் கதையாக இல்லை. அது ஏன் என்று நீதியை எழுதும்போதுதான் புரிந்தது. எனக்குத் தெரிந்த வழக்கப்படி கடைசியில், "எதையும் கவனமாக நினைவில் வைக்க வேண்டும்" என்று எழுதிக்கொண்டுபோய் ஆச்சிக்குப் படித்தேன். அவர் முகம் மாறியது.

"நான் எங்கத்தா அப்படிச் சொன்னேன்?"

பதிவை மறுபடி ஓடவிட்டேன். அவர் கடைசியில் நீதி என்று எதுவும் சொல்லவில்லை. அடி விழுந்ததும், பக்கத்து வீட்டுக்காரி வருவதற்கு முன்னால், தட்டிய கையை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "மறந்தது அவன். வீங்குனது அவ முகம்" என்றார். நான் அதைப் பேச்சோடு பேச்சு என்று நினைத்து, எண் போடும்போது ஒதுக்கியிருந்தேன். இரண்டாவது பதிவிலும் அதே இடத்தில், அதே சொற்களோடு இருந்தது. அடியை எடுத்தால் இந்த வரிக்கு நிற்க இடமே கிடையாது. அதனால் அடியை ஒரே வாக்கியத்தில், விவரிக்காமல் வைத்தேன். அடுத்த வரியில் ஆச்சியின் ஐந்து சொற்களை அப்படியே, 'வீங்குனது' என்பதைக்கூடத் திருத்தாமல், தனி வரியாக விட்டேன். என் நீதியை அடித்துவிட்டேன்.

மூன்றாம் முறை படித்தபோது ஆச்சி தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார். ஓடை தாண்டியதும் அவரும் சேர்ந்து அத்திரிபாச்சா சொன்னார். உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "பேரெல்லாம் வேண்டாம், 'கானாடுகாத்தான் ஆச்சி சொன்னது'ன்னு போடு" என்றார். அப்படியே கதைக்குக் கீழே எழுதியிருக்கிறேன்.