சாட்பாட்டில் எதைப் போடக் கூடாது என்று ஒரு பக்கம் எழுதிய கதை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் காம்ப்ளையன்ஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆடிட் வரும்போது சம்பளப் பதிவேடு, வருகைப் பதிவேடு, தீயணைப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து வைப்பவன் நான். எங்களிடம் ஆடை வாங்கும் ஒரு வெளிநாட்டு பையர் அனுப்பிய கேள்வித்தாளில் புதிதாக ஒரு கேள்வி இருந்தது. ஊழியர்கள் சாட்ஜிபிடி போன்ற கருவிகளில் எந்தத் தகவலைப் போடக் கூடாது என்று எழுத்தில் ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். எங்களிடம் ஒன்றும் இல்லை. எழுதும் வேலை என்னிடம் வந்தது.

முதல் முறை அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டேன். ‘நிறுவனத்தின் ரகசியத் தகவல்களைப் பொதுச் சாட்பாட்களில் பதிவிடக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.’ அவ்வளவுதான். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அதே வாரம் மெர்ச்சண்டைசிங் பக்கம் போனபோது, ஒரு தங்கை பையரிடமிருந்து வந்த மெயிலை அப்படியே எடுத்துச் சாட்ஜிபிடியில் ஒட்டி, பதில் எழுதித் தரச் சொல்லிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டவர்தான். கேட்டேன். “இது ரகசியமாங்க சார்? தினமும் வர்ற மெயில்தானுங்களே” என்றார்.

அவர் ஏமாற்றவில்லை. ரகசியம் என்றால் எம்.டி. அறை பீரோவில் இருப்பது என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. தினமும் கையில் புழங்கும் பொருளை யாரும் ரகசியம் என்று நினைப்பதில்லை. தவறு நான் எழுதிய வாக்கியத்தில் இருந்தது.

அந்த மெயிலை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். மேலே இருந்தது நான்கே வரிதான்: விலையைக் குறைக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். ஆனால் ஒட்டியது அந்த நான்கு வரி மட்டும் இல்லை. அதற்குக் கீழே பதிலுக்குப் பதிலாகப் பதினொரு மெயில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றில் நூல், நிட்டிங், டையிங், தையல் கூலி என்று பிரித்துப் போட்ட எங்கள் விலை விவரம். இன்னொன்றில் அடுத்த சீசனுக்கான ஸ்டைல் எண்களும் ஆர்டர் அளவும். ஒவ்வொரு மெயிலின் அடியிலும் யாரோ ஒருவருடைய பெயர், கைபேசி எண். அடுத்த சீசன் டிசைனை வெளியே விடமாட்டோம் என்று அந்த பையருடன் என்.டி.ஏ. என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தம் கையெழுத்திட்டிருக்கிறோம்.

அப்புறம் மூன்று நாள் மேசை மேசையாகப் போனேன். “போன வாரம் இதுல என்னென்ன போட்டீங்க? தப்புக் கண்டுபிடிக்க வரலைங்க, பட்டியல் எடுக்க வந்தேன்” என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். அந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

காஸ்டிங்கில் இருப்பவர் எக்செல் கோப்பையே ஏற்றியிருந்தார். திரையில் பார்த்தால் பையருக்குக் காட்டும் விலைதான் தெரியும். ஆனால் அதில் நான்கு நெடுவரிசை மறைத்து வைக்கப்பட்டிருந்தது. எங்கள் லாப விகிதம் அங்கேதான் இருக்கிறது. மறைத்த நெடுவரிசை நம் கண்ணுக்குத்தான் மறைகிறது, கோப்போடு சேர்ந்து அதுவும் போகிறது. சாஃப்ட்வேர் பார்க்கும் தம்பி, வேலை செய்யாத ஒரு ஸ்கிரிப்டை ஒட்டியிருந்தார். அதன் மூன்றாவது வரியில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு. அன்றைக்கே மாற்றச் சொன்னேன்.

எனக்கு ரொம்பக் கலக்கமாக இருந்தது சம்பளப் பிரிவில். பி.எஃப். பிடித்தம் சிலருக்குக் கூடுதலாக வருகிறது, ஏன் என்று கண்டுபிடிக்க 212 பேருடைய சம்பளத் தாளை முழுதாக ஒட்டியிருந்தார்கள். பெயர், ஆதார் எண், யு.ஏ.என்., வங்கிக் கணக்கு, ஐ.எஃப்.எஸ்.சி. எல்லாம் அதில் இருந்தன. “பேரை எடுத்துட்டுப் போட்டிருந்தா பரவாயில்லைங்களா?” என்று கேட்டார் அங்கே இருக்கும் அக்கா. இல்லை. ஆதார் எண் இருந்தால் பெயர் இருப்பதற்குச் சமம். எண்ணையும் எடுத்துவிட்டு ‘கட்டிங் மாஸ்டர், இத்தனை வருட சர்வீஸ்’ என்று விட்டாலும், எங்கள் யூனிட்டில் அப்படி ஒருவர்தான் இருக்கிறார்.

அந்தக் கணக்கை அன்றே தீர்த்துக் காட்டினேன், ஏனென்றால் ‘போடாதே’ என்று மட்டும் சொன்னால் அக்காவுக்கு வேலை நின்றுவிடும். புதுத் தாளில் மூன்றே வரி அடித்தோம்: தொழிலாளி 1, 2, 3, சம்பளம் 12,000, 15,000, 18,000. மூன்றும் நாங்களே போட்ட எண்கள். எங்கள் நிறுவனத்தில் 15,000 ரூபாய் வரம்பு வரைக்கும்தான் 12 சதவீதம் பிடிப்போம், மூன்றாவது ஆளுக்கு 1,800 வர வேண்டும், 2,160 வருகிறது, சூத்திரத்தில் என்ன தவறு என்று கேட்டோம். வரம்பே சூத்திரத்தில் இல்லை என்று வந்தது. சரியான சூத்திரம் இது:

```
=ROUND(MIN(C2,15000)*12%,0)
```

212 பேர் தேவைப்படவே இல்லை. கேள்வி சூத்திரத்தைப் பற்றியது, ஆட்களைப் பற்றியது அல்ல. இந்த உதாரணத்தை அப்படியே சுற்றறிக்கையில் சேர்த்தேன்.

இதற்கு நடுவில் எம்.டி. வேறு யோசனை சொன்னார். “பெரிய கம்பெனிகளே தடை போட்டுட்டாங்களே, நாமும் மொத்தமா பிளாக் பண்ணிடலாமே” என்றார். அவர் சொன்னது உண்மைதான். 2023-ல் சாம்சங்கின் செமிகண்டக்டர் பிரிவில் ஊழியர்கள் சோர்ஸ் கோடையும் ஒரு கூட்டத்தின் பதிவையும் சாட்ஜிபிடியில் போட்டது செய்தியானது. அந்த மே மாதம் நிறுவனம் தடை போட்டது. 2025 ஜனவரியில் நம் மத்திய நிதி அமைச்சகமும் அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஆனால் எங்கள் இடத்தில் பையர் மெயிலுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுத எல்லாருக்கும் இது தேவைப்படுகிறது. கணினியில் அடைத்தால் சொந்தப் போனில் திரையைப் படம் எடுத்துப் போடுவார்கள். அப்போது எது போகிறது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. இதைச் சொன்னதும் எம்.டி. ஒத்துக்கொண்டார்.

அவர் கேட்ட அடுத்த கேள்வி, போட்டால் அது எங்கே போகிறது என்பது. இதற்கு நான் பயமுறுத்தும் பதில் சொல்ல விரும்பவில்லை. ஒட்டியது மறுநாளே போட்டியாளர் திரையில் வந்து நிற்கும் என்பதில்லை. நடப்பது இதுதான்: அது இன்னொரு நிறுவனத்தின் சர்வரில் சேமிக்கப்படுகிறது. தனிநபர் கணக்கில் `Improve the model for everyone` என்ற அமைப்பை அணைக்காவிட்டால், அந்த உரையாடல் மாடலைப் பயிற்றுவிக்கவும் பயன்படலாம். அணைத்தாலும் சேமிப்பு நிற்பதில்லை. எங்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் கணக்கு யாருடையது என்பதில் இருக்கிறது. எல்லாரும் சொந்த ஜிமெயிலில்தான் நுழைந்திருக்கிறார்கள். திருப்பூரில் மெர்ச்சண்டைசர்கள் நிறுவனம் மாறுவது சாதாரணம். வேலையை விட்டுப் போகிறவருடன் இரண்டு வருட விலைப் பேச்சுவார்த்தையும் அவருடைய ஹிஸ்டரியில் போய்விடும். அலுவலக மெயிலை மூட முடியும், அதை மூட முடியாது. தொழிலாளர்களின் விவரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. ஆதார் எண்ணை நம்பிக் கொடுத்தவர் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவரைக் கேட்காமல் அது வெளியே போகக் கூடாது என்பதுதான் எனக்கு முக்கியம்.

மூன்றாவது வாரம் திரும்ப எழுதினேன். ‘ரகசியம்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிரிவும் தினமும் திறக்கும் கோப்பின் பெயரைப் போட்டேன். அதன் முக்கியமான பகுதி இப்படி இருந்தது:

‘பையர் மெயிலை அப்படியே ஒட்டாதீர்கள், கீழே பழைய மெயில்கள் இருக்கின்றன. காஸ்டிங் ஷீட், டெக் பேக், வெளிவராத டிசைன், ஆர்டர் அளவு எதையும் போடாதீர்கள், கோப்பாகவும் ஏற்றாதீர்கள். தொழிலாளர் ஒருவரைக் குறிக்கும் எதுவும் கூடாது: பெயர், ஆதார், யு.ஏ.என்., இ.எஸ்.ஐ. எண், வங்கிக் கணக்கு, மருத்துவச் சீட்டு, புகார்க் கடிதம். பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் எந்தச் சூழலிலும் கூடாது.’

மெயிலுக்கு என்ன செய்வது என்பதையும் அந்தத் தங்கையுடன் உட்கார்ந்து செய்து பார்த்த பிறகே எழுதினேன். அவர் உண்மையில் கேட்க வேண்டியிருந்தது இது: “பையர் ஒருவர் விலை குறைக்கக் கேட்கிறார். நூல் விலை ஏறியதால் முடியாது. ஆர்டர் அளவைக் கூட்டினால் யோசிக்கலாம். மரியாதையாக ஆங்கிலத்தில் பதில் வேண்டும், விலை வரும் இடத்தைக் காலியாக விடவும்.” வந்த பதிலில் 3.35 டாலர் என்பதை அவர் கையால் நிரப்பினார். முந்தைய முறை கிடைத்த பதிலுக்கும் இதற்கும் தரத்தில் எந்த வித்தியாசமும் இல்லை என்று அவரே சொன்னார்.

கடைசி வரிக்குத்தான் எம்.டி.யிடம் அதிகம் பேச வேண்டியிருந்தது. ‘தவறிப் போட்டுவிட்டால் அன்றே சொல்லுங்கள், சொன்னவர் மேல் நடவடிக்கை இல்லை’ என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் பயம் போய்விடும் என்றார் அவர். பாஸ்வேர்டு போனதை அன்றே சொன்னால் மாற்றலாம், ஒரு மாதம் கழித்துத் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்று விளக்கினேன். வேண்டுமென்றே செய்வதற்கு இது பொருந்தாது என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டு விட்டுக்கொடுத்தார்.

சுற்றறிக்கை போட்ட பத்தாவது நாள் பேக்கிங் பிரிவுத் தம்பி ஒருவர் தானாக வந்தார். அட்டைப்பெட்டி எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்க, பேக்கிங் லிஸ்டைப் போனில் படம் எடுத்துப் போட்டுவிட்டாராம். “ஒட்டலைங்கண்ணா, போட்டோதான். அது சேருமான்னு தெரியலை” என்றார். உட்கார வைத்து, முதலில் அந்த உரையாடலை அழிக்கச் சொன்னேன். அழித்தாலும் அவர்கள் சர்வரிலிருந்து உடனே போய்விடாது, 30 நாள் வரை ஆகலாம் என்பதையும் சொன்னேன். அப்புறம் அதைப் பகிரும் லிங்க் ஏதாவது உருவாக்கினாரா என்று `Shared links` பகுதியைத் திறந்து பார்த்தோம். 2025-ல் அப்படிப் பகிர்ந்த சில உரையாடல்கள் கூகுள் தேடலிலேயே வந்திருந்தன. லிங்க் எதுவும் இல்லை. பதிவேட்டில் தேதியும் ஆர்டர் எண்ணும் எழுதிக்கொண்டேன். மறுநாள் ‘ஒட்டாதீர்கள்’ என்று வந்த இடத்தில் எல்லாம் ‘ஒட்டாதீர்கள், படம் எடுத்தும் போடாதீர்கள்’ என்று மாற்றி, திரும்ப அச்செடுத்து ஒவ்வொரு பிரிவிலும் ஒட்ட வைத்தேன்.