எண்ணெய் லேபிளும் அதற்கு எழுதிய குறிப்பும்

ஈரோடு பக்கம் செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் ஒருவருக்குப் போன வருஷம் லேபிள் செய்துகொடுத்தேன். வேலை முடிந்ததும் லிங்க்ட்இன்னில் படத்தைப் போட்டு, "மரச்செக்கு எண்ணெய்க்கான பேக்கேஜிங். பாரம்பரியமும் புதுமையும் கலந்த தோற்றம்" என்று எழுதினேன். சக டிசைனர்கள் லைக் போட்டார்கள், வேலை கொடுக்க ஒருவரும் வரவில்லை. முன்பு ஒரே விளம்பர நிறுவனத்தில் என்னோடு இருந்த அக்கா போன் பண்ணினார். "லேபிள் நல்லா இருக்கு. ஆனா அவர் என்ன கஷ்டம்னு உன்கிட்ட வந்தாரு? அதைச் சொல்லவே இல்லையே."

குறிப்பை எடுத்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தேன். "பழைய லேபிள் கவர்ச்சியாக இல்லை" என்றுதான் முதலில் வந்தது. அது என் அபிப்பிராயம், அவருடைய கஷ்டம் இல்லை. அவர் கடையில் ஒரு நோட்டு உண்டு. வாங்கிய பாட்டிலைக் கொண்டுவந்து வேறு எண்ணெய் மாற்றிப் போனால் அதில் குறித்துவைப்பார். ஒரே மாதத்தில் 14 முறை. பெரும்பாலும் நல்லெண்ணெய் என்று நினைத்துக் கடலை எண்ணெயை எடுத்தவர்கள். பழைய லேபிளில் கம்பெனிப் பெயர்தான் பெரிது, எண்ணெயின் பெயர் அதன் கீழே பொடி எழுத்தில் இருந்தது. மூன்று எண்ணெய்க்கும் ஒரே பச்சை. அந்த நோட்டில் இருப்பதுதான் பிரச்சினை என்று புரிந்ததும் முதல் வாக்கியம் கிடைத்துவிட்டது.

அணுகுமுறையை எழுதும்போது செய்த எல்லாவற்றையும் கொட்டத் தோன்றியது: எழுத்துரு, எள்ளுச் செடி ஓவியம், மூடியின் நிறம். அந்த 14 பேருக்குச் சம்பந்தமில்லாததை எல்லாம் அடித்தேன். இரண்டு முடிவுகள் மிஞ்சின. எண்ணெயின் பெயரைத் தமிழில் பெரிதாக மேலே ஏற்றினேன், ஒவ்வொன்றுக்கும் தனி நிறப்பட்டை கொடுத்தேன். பட்டைகளைக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து ஆறடி தள்ளி வைத்தும் பார்த்தேன். நிறம் சரியாகத் தெரியாதவருக்கும், மங்கலான டியூப்லைட் வெளிச்சத்திலும் வித்தியாசம் தெரிய வேண்டுமே.

தவறிப்போன ஒன்றையும் சேர்த்தேன். ஒளி ஊடுருவும் ஸ்டிக்கரில் அச்சிட்ட முதல் மாதிரி, பாட்டிலில் ஒட்டியதும் கெட்டுப்போனது. திரையில் பளிச்சென்று இருந்த சிவப்பு, பின்னால் நல்லெண்ணெய் வந்ததும் செங்கல் பழுப்பாகிவிட்டது. அச்சு மை மெல்லியது, அடியில் இருப்பதன் நிறத்தை மறைக்காது. நிறத்துக்குக் கீழே வெள்ளை மை ஒரு பூச்சு போக வேண்டும். அதைக் கோப்பில் தனி ஸ்பாட் கலராக வைத்துக் கொடுக்காதது என் தவறு. அடுத்த மாதிரியில் சரிசெய்தேன். ஸ்டிக்கர் வேலை தெரிந்த யார் படித்தாலும் இந்த இடத்தில் நிற்பார்கள் என்று நம்பி எழுதினேன்.

அதிகம் யோசித்தது விளைவுக்குத்தான். புது லேபிள் கடைக்கு வந்தது தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு. விற்பனை கூடியது. பலகாரம் சுடும் காலத்தில் எந்த எண்ணெய்க்கும் கூடும், அதை என் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. பொங்கல் கழிந்து ஒரு மாதத்துக்கு நோட்டைப் பார்க்கச் சொன்னேன். மாற்றிப் போனவர்கள் 3 பேர். சாதாரண மாதத்தோடு சாதாரண மாதத்தை ஒப்பிட்டதால் இந்த எண்ணைத் தயங்காமல் போட முடிந்தது.

போடுவதற்கு முன் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, திருப்பிக் கொண்டாந்தாங்கன்னு போட்டிருக்கீங்க. படிக்கிறவங்க எண்ணெய் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சுக்குவாங்க." அவர் சொன்னது சரி. 'திருப்பி' என்ற சொல்லை எடுத்தேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார், அதையும் எடுத்தேன்.

கடைசியில் வந்தது இது:

"நல்லெண்ணெய் வாங்க வந்தவர்கள் கடலை எண்ணெயை எடுத்துப் போனார்கள். ஒரு செக்கு எண்ணெய்க் கடையில் மாதம் 14 முறை இப்படி மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. காரணம், மூன்று பாட்டிலுக்கும் ஒரே தோற்றம். எண்ணெயின் பெயரை மேலே பெரிதாக்கினேன், ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டை கொடுத்தேன். முதல் மாதிரியில் வெள்ளை அடிப்பூச்சு இல்லாமல் நிறம் மங்கியது, இரண்டாவதில் சரியானது. பண்டிகைக் காலம் முடிந்த பின் ஒரு மாதத்தில் 3 முறை."

லிங்க்ட்இன் முதல் சில வரிகளை மட்டும் காட்டி மீதியை மடித்துவிடும். அதனால்தான் கடைக்காரரின் கஷ்டம் தலையில் நிற்கிறது, என் பெயரும் நன்றியும் இல்லை. படங்களை PDF ஆக ஏற்றினேன். முதல் பக்கத்தில் பழைய பாட்டில்கள் மூன்றும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் போட்டோ. அடுத்த பக்கம் அதே அலமாரி, அதே கோணம், புது லேபிள்.

ஒன்பதாம் நாள் ஊறுகாய் போடும் ஒரு அம்மா செய்தி அனுப்பியிருந்தார். "எங்க மாங்கா, எலுமிச்சை ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. ஜாடி கண்ணாடி. அந்த வெள்ளைப் பூச்சு எங்களுக்கும் வேணுமா?"