சென்ட், கிரவுண்டு, ஏர்: எங்கள் சொத்துப் பட்டியலை ஒரே அளவுக்குக் கொண்டுவந்த அனுபவம்

அப்பா காலத்துச் சொத்துகளை எனக்கும் தங்கைக்கும் பாகப்பிரிவினை செய்ய முடிவெடுத்தபோது, பத்திரம் எழுதுபவர் முதலில் கேட்டது சொத்துப் பட்டியல். உத்திரமேரூர் பக்கம் மூன்று புஞ்சை நிலம், தாம்பரத்தில் ஒரு மனை. நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு ஏக்கர் கணக்கில் இருக்கிறது, மனைக்குச் சதுர அடிக் கணக்கில். அதனால் ஒவ்வொரு சொத்துக்கும் இரண்டு அளவையும் போட்டுக் கொடுங்கள் என்றார்.

கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. ஒரு ஏக்கர் என்பது 100 சென்ட், அதாவது 43,560 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. பெருக்கினால் முடிந்தது. ஆனால் காகிதங்களை எடுத்து வைத்தபோதுதான் பெருக்கல் கடைசி வேலை என்று புரிந்தது. ஒரு பத்திரத்தில் "1 ஏக்கர் 5 சென்ட்". இன்னொன்றில் "புஞ்சை 62½ சென்ட்". மனைப் பத்திரத்தில் "2 கிரவுண்டு 600 சதுர அடி". பட்டாக்களில் சென்ட் என்ற பேச்சே இல்லை, எல்லாம் ஹெக்டேர், அதில் நூறில் ஒரு பங்கான ஏர்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. அப்பாவின் நோட்டிலிருந்து யாரோ கடையில் டைப் அடித்துக் கொடுத்தது. அதில் முதல் நிலம் 1.5 ஏக்கர் என்று இருந்தது. பத்திரத்தில் இருப்பதோ 1 ஏக்கர் 5 சென்ட். 5 சென்ட் என்பது ஏக்கரில் நூற்றில் ஐந்து, எனவே 1.05 என்று வரவேண்டும். 1.5 என்று போட்டால் அது 1 ஏக்கர் 50 சென்ட். 45,738 சதுர அடி நிலம் காகிதத்தில் 65,340 ஆகிவிடுகிறது. நாற்பத்தைந்து சென்ட் வித்தியாசம் இருந்தும் பார்த்தால் தெரிவதில்லை, ஏனென்றால் 1.5 ஏக்கர் என்பதும் நம்பக்கூடிய அளவுதான்.

கிரவுண்டிலும் இதே சங்கதி. 2 கிரவுண்டு 600 சதுர அடியைச் சிலர் 2.600 என்று எழுதுவார்கள். கம்ப்யூட்டர் அதை 2.6 என்று படிக்கும். 2.6 கிரவுண்டு என்றால் 6,240 சதுர அடி. உண்மையில் மனை 5,400 தான், அதாவது 2.25 கிரவுண்டு. ஏக்கர்-சென்ட் என்றாலும் கிரவுண்டு-சதுர அடி என்றாலும் அவை ஒரு எண் அல்ல, இரண்டு எண்கள். புள்ளி வைத்து ஒன்றாகச் சேர்த்தவுடன் தப்பு உள்ளே வந்துவிடுகிறது.

அதனால் எக்செல் ஷீட்டில் ஏக்கருக்கு ஒரு கட்டம், சென்டுக்கு ஒரு கட்டம், கிரவுண்டுக்கு ஒன்று, மிச்சச் சதுர அடிக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பிரித்தேன். அவற்றுக்கு முன்னால், பத்திரத்தில் என்ன வாசகம் இருக்கிறதோ அதை அப்படியே எழுத்தில் வைக்க ஒரு கட்டம். இதை விட்டுவிடாதீர்கள். பின்னால் யாராவது சந்தேகம் கேட்டால், பீரோவைத் திறந்து பத்திரத்தைத் தேட வேண்டியதில்லை.

இந்த வாசகக் கட்டத்தையும் சர்வே எண் கட்டத்தையும் டைப் அடிக்கும் முன்பே 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். எங்கள் மூன்றாவது நிலத்தின் பழைய சர்வே எண் 12/3. அதைச் சும்மா அடித்தால் எக்செல் தேதியாக்கிவிடும். 1-05 என்று அடித்தாலும் அப்படித்தான். தேதிக்குப் பின்னால் நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல் ஒரு எண் ஒளிந்திருக்கிறது. அந்தக் கட்டத்தை ஏக்கர் என்று நினைத்துப் பெருக்கினால் விடை சுமார் இருநூறு கோடி சதுர அடியில் வந்து நிற்கும். அப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் ஃபார்முலாவைச் சந்தேகிக்க வேண்டாம், உள்ளே தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

D முதல் G வரை ஏக்கர், சென்ட், கிரவுண்டு, மிச்சச் சதுர அடி. I, J இரண்டும் பட்டாவில் இருக்கும் ஹெக்டேர், ஏர். மற்றவை கணக்கு:

```
H2: =D2*43560+E2*435.6+F2*2400+G2
K2: =I2*107639.104+J2*1076.39104
L2: =(K2-H2)/435.6
M2: =H2/43560
```

H பத்திரப்படி சதுர அடி. K பட்டாப்படி சதுர அடி. L இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சென்டில். M ஏக்கர். எந்த அளவிலிருந்தும் நேராக இன்னொரு அளவுக்குத் தாவவில்லை, எல்லாம் சதுர அடிக்கு வந்துவிட்டுத்தான் வெளியே போகிறது. நிஜ விவரங்களைப் போடும் முன், சோதனைக்காக ஒரு வரியில் 1 ஏக்கர் மட்டும் போட்டேன், 43,560 வந்தது. பட்டாப் பக்கம் 1 ஹெக்டேர் போட்டு K-யை 43,560-ஆல் வகுத்தால் 2.471 ஏக்கர் வரவேண்டும், வந்தது.

சித்தப்பாவிடம் காட்டியபோது, "ஒரு கிரவுண்டுன்னா அஞ்சரை சென்டுப்பா, இதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்றார். பேச்சுக்கு அது சரிதான். துல்லியமாக 5.51 சென்டுக்கு ஒரு நூல் குறைவு. அஞ்சரையை வைத்துக் கணக்குப் போட்டால் எங்கள் மனையில் 9 சதுர அடி குறைகிறது. அதைவிடப் பெரிய இழப்பு பாதி வழியில் முழுமையாக்குவதில் இருக்கிறது. 62½ சென்ட் என்பது 0.625 ஏக்கர். ஷீட்டில் இரண்டு தசமம் மட்டும் காட்டச் சொன்னால் 0.63 என்று தெரியும். அந்த 0.63-ஐப் பார்த்துக் கையால் வேறு இடத்தில் அடித்து, அங்கிருந்து சதுர அடி எடுத்தால் அரை சென்ட், கிட்டத்தட்ட 218 சதுர அடி, கூடுதலாக வந்துவிடும். 218 சதுர அடி சின்ன விஷயமில்லை. கட்டத்தின் தோற்றத்தில் மட்டும் தசமத்தைக் குறைத்துக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் எண்ணைத் தொடக் கூடாது.

மனைக்குச் சரிபார்ப்பு எளிது. பத்திரத்திலேயே கிழமேலாக இருபுறமும் 60 அடி, தென்வடலாக இருபுறமும் 90 அடி என்று இருந்தது. 60-ஐ 90-ஆல் பெருக்கினால் 5,400. விஸ்தீரணமும் அதேதான். அந்த ஒரு வரி முடிந்தது.

நிலங்களுக்குத்தான் L கட்டம். எங்கள் ஊர்ப் பட்டாக்களில் ஏர் அளவு முழுசாகவோ அரையாகவோ நிற்கிறது. 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யூ.டி.ஆர். நடந்தபோது ஏக்கர், சென்டில் இருந்த கணக்கை மெட்ரிக்குக்குக் கொண்டுவந்த கையோடு வந்த அளவுகள் இவை. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். அருகிலுள்ள அரை ஏருக்கு முழுமையாக்கினால் அதிகபட்சம் கால் ஏர் கூடும் அல்லது குறையும். கால் ஏர் என்பது 269 சதுர அடி, சென்டில் 0.62. ஆகவே பத்திரமும் பட்டாவும் 0.62 சென்டுக்குள் ஒத்துப்போனால் அது முழுமையாக்கியதால் வந்த வித்தியாசம் என்று எடுத்துக்கொண்டேன். அதைத் தாண்டினால் நிலத்திலோ பதிவேட்டிலோ ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்.

முதல் நிலத்துக்குப் பட்டாவில் 0 ஹெக்டேர் 42.50 ஏர். சதுர அடியில் 45,747. பத்திரப்படி 45,738. ஒன்பது அடிதான் வித்தியாசம். 1.5 ஏக்கர் என்ற பழைய பட்டியல் தவறு என்பதும் இங்கேயே உறுதியானது. ஒன்றரை ஏக்கர் என்றால் பட்டா 60 ஏருக்கு மேல் காட்டியிருக்க வேண்டும். இரண்டாவது நிலத்துக்கு 25.50 ஏர், பத்திரத்தைவிட 0.51 சென்ட் கூடுதல். எல்லைக்குள்தான்.

மூன்றாவதில் L கட்டம் மைனஸ் 5.41 காட்டியது. பத்திரத்தில் 40 சென்ட், அதாவது 17,424 சதுர அடி. பட்டாவிலோ 14 ஏர், 15,069 சதுர அடி. ஐந்தரை சென்ட் காணவில்லை. முழுமையாக்கலால் இவ்வளவு போகாது. பட்டாவைத் திரும்பப் பார்த்தபோது சர்வே எண் 12/3A என்று இருந்தது, பத்திரத்தில் வெறும் 12/3. உட்பிரிவு ஆகியிருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ பதிவேட்டில் பார்க்கச் சொன்னோம். 12/3B என்று 2 ஏர் தனியாகச் சாலையாக நின்றது. சாலையை அகலப்படுத்தியபோது எடுத்திருக்கிறார்கள். 14-ஐயும் 2-ஐயும் சேர்த்தால் 16 ஏர், 17,222 சதுர அடி. பழைய 40 சென்டோடு ஒப்பிட்டால் 0.46 சென்ட்தான் வித்தியாசம். கணக்கு மூடிக்கொண்டது.

இந்த வித்தியாசக் கட்டம் இல்லாமல் பத்திரத்தை மட்டும் பார்த்து மாற்றியிருந்தால், கையில் இல்லாத சாலை நிலத்தையும் சேர்த்துப் பங்கு பிரித்திருப்போம். என் பங்கிலோ தங்கை பங்கிலோ ஐந்து சென்ட் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கும். பிரிவினைக்குப் பிறகு அது தெரியவந்தால் யார் விட்டுக்கொடுப்பது?

மூன்றாவது நிலத்துக்கு மட்டும் கணக்கில் பட்டா அளவை எடுத்துக்கொண்டோம், மற்றவற்றுக்குப் பத்திர அளவு. 45,738, 27,225, 15,069, அப்புறம் மனை 5,400. மொத்தம் 93,432 சதுர அடி, 2.145 ஏக்கர். இதை ஏக்கர்-சென்டாகத் திரும்பப் பிரிக்க இரண்டு கட்டங்கள் போட்டேன். H6 மொத்தம், அதில் மூன்றாவது நிலத்துக்கு மட்டும் H4-க்குப் பதில் K4, அதாவது =H2+H3+K4+H5:

```
=INT(H6/43560)
=MOD(H6,43560)/435.6
```

2 ஏக்கர் 14.49 சென்ட் என்று வந்தது. 2.1449 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்து 2 ஏக்கர் 14 சென்ட் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் இரண்டு கட்டமாக இருந்தால், படிப்பவர் 2.14-க்கும் 2.1-க்கும் நடுவே குழம்பத் தேவையில்லை.

பத்திரம் எழுதுபவர் பட்டியலைப் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் கேட்டார். கிரவுண்டுக் கணக்கு தாம்பரம் மனைக்கு மட்டும் போதும், புஞ்சை நிலத்துக்கு அங்கே யாரும் கிரவுண்டு சொல்வதில்லை, அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள் என்றார். 12/3A-க்குச் சொத்து விவரத்தில் "பத்திரப்படி 40 சென்டில், சாலைக்குப் போக, தற்போதைய பட்டாப்படி 0.14.00 ஹெக்டேர், அதாவது 34.59 சென்ட்" என்று நீளமாகவே எழுதிக்கொண்டார். 12/3B-யையும் அதன் 2 ஏரையும் அடுத்த வரியிலேயே குறிப்பிடச் சொன்னோம், எழுதினார்.